வேலை நேர்காணல் அறிவுரைக் கட்டுரையை ஒன்றரை நிமிட வீடியோவாக மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டுரையில் எட்டுக் குறிப்புகள் இருக்கின்றன. ஒன்றரை நிமிடத்தில் எட்டையும் எப்படிச் சொல்வது?

சொல்ல முடியாது. சொன்னாலும் யார் மனதிலும் நிற்காது. எட்டில் எது வாயிலிருந்து வாக்கியமாக வரும் என்று பார்த்து அதை மட்டும் எடுங்கள்.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டு பக்கம் முழுக்க அதையே பேசுவோம். "வேலையில் நீங்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்லுங்கள்" என்ற கேள்வியைப் பற்றிய அறிவுரைக் கட்டுரை அது. அதில் உள்ள எட்டும் எங்கும் பார்ப்பவைதான். நேர்மையாகச் சொல்லுங்கள். வேலையையே பறிக்கிற தவறாக எடுக்காதீர்கள். அடுத்தவர்மேல் பழி போடாதீர்கள். நிலைமை, பொறுப்பு, செயல், விளைவு என்ற வரிசையில் சொல்லுங்கள் (ஸ்டார் முறை என்பார்களே, அதுதான்). கற்றுக்கொண்டதைச் சொல்லுங்கள். கண்ணைப் பார்த்துப் பேசுங்கள். நேர்த்தியாக உடுத்துங்கள். நம்பிக்கையோடு முடியுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இப்படி எழுதிப் பார்ப்பேன்: "இதைக் கடைப்பிடிக்கிற ஆள் பேசினால், அந்த வாக்கியம் எது?" பழி போடாதீர்கள் என்பதற்கு உடனே ஒரு வாக்கியம் கிடைக்கும்: "ரெண்டு ஃபைலும் ஒரே பேர்ல இருந்துது. ஆனா திறந்து பாக்காதது என் தப்புதான்." கற்றுக்கொண்டதைச் சொல்லுங்கள் என்பதற்கும் கிடைக்கும், அவர் பிறகு மாற்றிக்கொண்ட ஒரு பழக்கமாக. வரிசை என்பது வாக்கியமாக வராது, ஆனால் பதிலின் எலும்புக்கூடாக உள்ளே இருக்கும். "நேர்மையாக" என்பதற்கு மட்டும் எவ்வளவு முட்டினாலும் வாக்கியம் வராது. "நான் நேர்மையா சொல்றேன் மேடம்" என்று ஆரம்பிக்கிறவரை யார் நம்புவார்கள்? உடையும் கண்ணும் படத்தில் தானாகத் தெரிந்துவிடும், அவற்றைப் பேசவே தேவையில்லை.

கடைசியில் கையில் நிற்பது மூன்று: பழி, வரிசை, மாற்றிய பழக்கம். ஒன்றரை நிமிடத்துக்கு அதுவே அதிகம்.

முதலில் ஸ்கிரிப்ட் எழுதிவிட்டு நடுவில் மாதிரிப் பதிலைச் சேர்க்கலாமா?

நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தேன். அறிவுரைகளைப் பேச்சாக மாற்றி ஒரு நிமிடத்துக்கு எழுதிவிட்டு, மிச்சமிருந்த முப்பது நொடியில் பதிலை அடைப்பேன். பதில் எப்போதும் சப்பென்று இருக்கும். மேலே சொன்ன அறிவுரையை நிரூபிக்கத்தான் அது வந்திருக்கிறது என்பது பார்க்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும்.

இப்போது தலைகீழாகச் செய்கிறேன். பதிலை முதலில், தனியாக, கட்டுரையை மூடி வைத்துவிட்டு எழுதுகிறேன். பிறகு அதைக் கட்டுரையோடு ஒப்பிட்டு, பதிலின் எந்த இடத்தில் எந்த அறிவுரை நடந்திருக்கிறது என்று தேடுகிறேன். தொகுப்பாளர் பேச வேண்டியது அந்த இடங்களைத் தொட்டுக் காட்டத்தான். தாளில் முக்கால் பங்கு பதில், கால் பங்கு மற்றவை.

நான் எழுதும் மாதிரிப் பதில் எல்லாமே போலியாகத் தெரிகிறது. எங்கே தப்பு?

உங்கள் வரைவு கிட்டத்தட்ட இப்படி இருக்கும் என்று நினைக்கிறேன், என்னுடைய முதல் வரைவும் இப்படித்தான் இருந்தது:

"நான் எப்போதும் வேலையில் மிகுந்த கவனத்துடன் இருப்பேன். ஒருமுறை தகவல் பரிமாற்றத்தில் ஒரு சிறு குறை ஏற்பட்டது. உடனடியாகப் பொறுப்பேற்று, குழுவுடன் இணைந்து அதைச் சரிசெய்தேன். இதன்மூலம் தகவல் பரிமாற்றத்தின் முக்கியத்துவத்தைக் கற்றுக்கொண்டேன்."

இதில் ஒரு பொருள்கூட இல்லை. கையில் தொடக்கூடிய எதுவும் இல்லை. குறை என்ன, யாருக்கு, எத்தனை, எப்போது தெரிந்தது? "குறை ஏற்பட்டது" என்ற வினையைப் பாருங்கள். செய்தவர் யாருமில்லாமல் தானாக வந்து ஏற்பட்டுவிட்டது. நேர்காணல் எடுக்கிறவர் முதலில் பிடிப்பது இந்த "ஏற்பட்டது"வைத்தான். பின்னலாடை நிறுவனம் ஒன்றில் ஆள் எடுக்கும் வேலையில் சில வருடம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், "ஏற்பட்டது" என்று கேட்டால் பேனாவை மூடிவிடத் தோன்றும்.

போலித்தனம் போக ஒரு வழிதான் எனக்குத் தெரியும். ஒரு குறிப்பிட்ட வேலையை எடுத்து, அந்த வேலையில் அன்றாடம் நடக்கிற ஒரு தவறைப் பிடித்து, அது எப்படித் தெரியவந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். நான் எடுத்தது திருப்பூர்ப் பக்கம் ஒரு ஜூனியர் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையருக்கும் உள்ளே இருக்கும் கட்டிங், தையல் பிரிவுகளுக்கும் நடுவில் கடிதப் போக்குவரத்து பார்க்கிற வேலை. அங்கே ஓயாமல் நடக்கும் தவறு, பழைய மெஷர்மென்ட் சார்ட் கைமாறிப் போவது. பையர் அளவை மாற்றிப் புது சார்ட் அனுப்பியிருப்பார். அதே பெயரில் பழையதும் மெயிலில் கிடக்கும்.

அதை வைத்து எழுதிய இரண்டாவது வரைவு இது:

"சொல்றேன் மேடம். போன கம்பெனில ஜூனியர் மெர்ச்சண்டைசரா இருந்தேன். பையர் டீ-ஷர்ட் நீளத்த மாத்தி, புது மெஷர்மென்ட் சார்ட் அனுப்பியிருந்தாங்க. நான் கட்டிங்குக்கு பழைய சார்ட்ட ஃபார்வர்ட் பண்ணிட்டேன். ரெண்டு ஃபைலும் ஒரே பேர்ல இருந்துது. ஆனா திறந்து பாக்காதது என் தப்புதான். 'எல்' சைஸ் 320 பீஸ் வெட்டினதுக்கு அப்புறம் கட்டிங் மாஸ்டர் கேட்டாரு, 'நீளம் மாறலியாம்மா?'ன்னு. அப்பதான் தெரிஞ்சுது. உடனே கட்டிங்க நிறுத்தச் சொல்லிட்டு, மேனேஜர்கிட்ட நானே போய் சொன்னேன். திட்டு விழுந்துது. வெட்டின 'எல்' பீஸோட நீளம் புது 'எம்' சைஸுக்கு சரியா இருந்துது. அது மாஸ்டர் சொன்ன யோசனை. 'எம்' இன்னும் வெட்டல, அதனால அத 'எம்'மா திருப்பி வெட்டினோம். அரை நாள் போச்சு, ரெண்டரை கிலோ துணி வேஸ்ட். ஷிப்மென்ட் தேதி மாறல. இப்ப சார்ட்ட பிரிண்ட் எடுத்து, தேதி எழுதி, மாஸ்டர் கையெழுத்து வாங்கினதுக்கு அப்புறம்தான் கட்டிங்குக்கு குடுப்பேன்."

இரண்டு இடங்களைக் கவனியுங்கள். "திட்டு விழுந்துது" என்பது எந்த அறிவுரைக் கட்டுரையிலும் இருக்காது. ஆனால் அது இல்லாவிட்டால் இந்தப் பெண் வேலை பார்த்தது ஒரு கற்பனை ஆபீஸ் என்று தோன்றிவிடும். இன்னொன்று, "அது மாஸ்டர் சொன்ன யோசனை." முதலில் அந்தத் தீர்வை அவளே கண்டுபிடித்ததாகத்தான் எழுதியிருந்தேன். படிக்க நன்றாக இருந்தது, நம்பத்தான் முடியவில்லை. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவர், வெட்டிய துணியை எப்படி மீட்பது என்று இருபது வருட கட்டிங் மாஸ்டருக்குச் சொல்லித் தருவாரா? யோசனையை உரியவருக்கே கொடுத்ததும் பதில் நிமிர்ந்து நின்றது. அவள் செய்ததாக மிச்சமிருப்பது நிறுத்தச் சொன்னது, தானே போய்ச் சொன்னது, பிறகு ஒரு பழக்கத்தை மாற்றியது. ஜூனியர் ஒருவரிடம் எதிர்பார்க்கக்கூடியதும் அவ்வளவுதான்.

பதிலில் எண்கள் வேண்டும் என்கிறார்கள். மாதிரிதானே, இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளலாமா?

போடலாம், ஆனால் அந்தத் தொழிலில் இருப்பவர் கேட்டுச் சிரிக்காத எண்ணாக இருக்க வேண்டும். என் முதல் கணக்கில் "ஐம்பது கிலோ துணி வேஸ்ட்" என்று போட்டிருந்தேன். தெரிந்த பேட்டர்ன் மாஸ்டர் ஒருவரிடம் படித்துக் காட்டினால், "ஐம்பது கிலோவா? டீ-ஷர்ட்டா வெட்டினீங்க, பந்தலா?" என்றார்.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 'எல்' சைஸுக்கு மார்பின் பாதி அளவு 54 செ.மீ, 'எம்'முக்கு 51 என்று வைத்துக்கொள்வோம். பழைய சார்ட்டில் 'எல்' நீளம் 72, புதியதில் 74. புது 'எம்' நீளம் 72. ஆகவே தப்பாக வெட்டிய 'எல்' துண்டு நீளத்தில் புது 'எம்'முக்குப் பொருந்தும், அகலத்தில் மட்டும் 3 செ.மீ கழிக்க வேண்டும். முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு துண்டு, 320 பீஸ். 3 செ.மீ அகலம், 72 செ.மீ நீளத்துக்குக் கழிவு என்றால் மொத்தம் கிட்டத்தட்ட 14 சதுர மீட்டர். 180 ஜிஎஸ்எம் துணி, அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம். பெருக்கினால் இரண்டரை கிலோ. கையையும் கழுத்தையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும், ஆனால் ஐம்பதுக்குப் பக்கத்தில் எங்கும் போகாது.

இந்தக் கணக்கில் ஒரு வரிகூட வீடியோவில் வராது. ஆனால் கணக்குப் போட்டபோதுதான் எனக்கே ஒன்று புரிந்தது. தவறு பெரிதாகத் தெரிய வேண்டும் என்று எண்ணை ஊதினால், பதில் சொல்கிறவர் வேலைக்கு எடுக்கக்கூடாதவராக ஆகிவிடுகிறார். இரண்டரை கிலோவும் அரை நாளும்தான் சரியான எடை: திட்டு வாங்கும் அளவுக்குப் பெரிது, வேலை போகும் அளவுக்கு இல்லை. கட்டுரையின் இரண்டாவது குறிப்பு சொல்வதும் இதைத்தான். அதை நாம் பேசாமலே எண் பேசிவிடுகிறது.

வேறு தொழிலை எடுத்தால் அந்தத் தொழிலில் இருக்கும் ஒருவரிடம் ஐந்து நிமிடம் படித்துக் காட்டுங்கள். அவர் எந்த இடத்தில் புருவத்தைத் தூக்குகிறாரோ அந்த இடம் தப்பு.

கட்டுரை எழுத்துத் தமிழில் இருக்கிறது. வீடியோவில் எப்படிப் பேசுவது? ஆங்கிலம் எவ்வளவு கலக்கலாம்?

இங்கே மூன்று குரல்கள் இருக்கின்றன. மூன்றும் ஒரே தமிழில் பேசினால் வீடியோ செத்துவிடும்.

கேள்வி கேட்கும் மேடம் மரியாதையான பேச்சுத் தமிழில், கொஞ்சம் அளந்து பேசுவார்: "வேலையில நீங்க செஞ்ச ஒரு தப்ப சொல்லுங்க." பதில் சொல்கிற பெண்ணும் பேச்சுத் தமிழ்தான், ஆனால் வீட்டுப் பேச்சு கிடையாது. அம்மாவிடம் "அந்தாளு கேட்டான்" என்று சொல்லக்கூடியவர் மேடம் முன்னால் "மாஸ்டர் கேட்டாரு" என்பார். இந்த இழுபறிதான் நேர்காணல் தமிழ். அதை எழுத்தில் பிடிக்கக் கடினம், யாராவது உண்மையில் நேர்காணலில் பேசியதைக் காது கொடுத்துக் கேட்டால்தான் வரும். தொகுப்பாளர் பார்வையாளரோடு பேசுவதால் இன்னும் இயல்பாகப் பேசலாம்.

ஆங்கிலத்துக்கு என் விதி எளிது. வேலை செய்யும் இடத்தில் எந்தச் சொல் புழங்குகிறதோ அதுவே. கட்டிங், பையர், சார்ட், ஷிப்மென்ட் எல்லாம் அப்படியே இருக்கட்டும். "வெட்டுப் பிரிவு", "கொள்முதலாளர்" என்று மாற்றினால் பேசுகிறவர் அந்தக் கம்பெனியில் ஒரு நாளும் வேலை பார்க்காதவர் ஆகிவிடுவார். இன்னொரு பக்கம், ஆங்கில அறிவுரைக் கட்டுரைகளிலிருந்து வரும் "சேலஞ்ச்", "லேர்னிங்", "டீம் பிளேயர்" போன்றவை உள்ளே வரக்கூடாது. அவை யாருடைய வேலையிலும் இல்லை, நேர்காணலில் மட்டும் உயிர் வாழ்கிற சொற்கள்.

நேர்காணலே ஆங்கிலத்தில் நடந்தால் என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். அப்போது பதிலைத் தமிழில் எழுதி மொழிபெயர்க்காதீர்கள். அந்தப் பெண் பேசக்கூடிய ஆங்கிலத்தில், அவளுடைய சிறிய வாக்கியங்களில், ஆரம்பத்திலிருந்தே எழுதுங்கள்.

ஒன்றரை நிமிடத்துக்கு எத்தனை சொல் எழுத வேண்டும்?

நிமிடத்துக்கு 150 சொல் என்று ஆங்கில ஸ்கிரிப்ட் கணக்கு ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. தமிழுக்கு அது ஒத்துவராது. "வெட்டினதுக்கு" என்று நாம் ஒரே சொல்லில் அடக்குவதை அவர்கள் மூன்று நான்கு சொல்லில் விரிப்பார்கள். நான் நேரம் வைத்துப் படித்துப் பார்த்ததில், பதற்றமில்லாமல் பேசினால் நிமிடத்துக்கு நூறு சொல் சுமாராக வருகிறது. மேலே உள்ள பதில் கிட்டத்தட்ட நூறு சொல், ஆக ஒரு நிமிடம். மிச்சம் முப்பது நொடியில் ஐம்பது சொல்லுக்கு மேல் வைக்காதீர்கள்.

மனதுக்குள் படித்து நேரம் பார்க்காதீர்கள், கண் வாயைவிட வேகம். போனில் குரலைப் பதிவு செய்து பாருங்கள்.

நீள வரம்பு இப்போது பெரிய தடை இல்லை. யூடியூப் ஷார்ட்ஸ் 2024 அக்டோபர் 15 முதல் மூன்று நிமிடம் வரை ஏற்கிறது, அதற்கு முன் 60 நொடிதான். இடம் இருக்கிறதே என்று மூன்று நிமிடத்துக்கு இழுக்கவும் வேண்டாம். நிஜ நேர்காணலில் இந்தக் கேள்விக்கு ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே போனால் எதிரே இருப்பவர் குறுக்கிட ஆரம்பிப்பார். வீடியோவின் நீளத்தை அந்தப் பதிலின் இயல்பான நீளமே முடிவு செய்யட்டும்.

முழு ஸ்கிரிப்ட் எப்படி இருக்கும் என்று ஒன்று காட்டுங்கள்.

தாளை நடுவில் மடித்து இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் பேச்சு என்று எழுதுவது வழக்கம். இங்கே வசதிக்காக ஒன்றன்கீழ் ஒன்றாகத் தருகிறேன்.

0:00 – 0:07
காட்சி: மேஜை. மேடத்தின் கை, பேனா. எதிரே ஒரு இளைஞர், மங்கலாக.
மேடம்: "வேலையில நீங்க செஞ்ச ஒரு தப்ப சொல்லுங்க."
இளைஞர்: "அப்படி எதுவும்... ஞாபகம் இல்ல மேடம்."
பேனா நிற்கிறது.

0:07 – 0:12
காட்சி: தொகுப்பாளர், நெருக்கத்தில்.
தொகுப்பாளர்: "தப்பே செய்யாத ஆள் யாரும் கிடையாது. அடுத்த ஆள் என்ன சொல்றாங்கன்னு கேளுங்க."

0:12 – 1:12
காட்சி: அதே மேஜை, அந்தப் பெண். ஒரே ஷாட், வெட்டு இல்லை. "என் தப்புதான்" என்ற இடத்தில் மட்டும் மேடத்தின் முகத்துக்கு ஒரு நொடி.
பெண்: மேலே உள்ள பதில் முழுதும்.

1:12 – 1:22
மேடம்: "மாஸ்டர் கேட்கலன்னா?"
பெண் (ஒரு மூச்சு நிறுத்தி): "தைச்சதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சிருக்கும் மேடம். அதுக்காகத்தான் அந்தக் கையெழுத்து."
பேனா மறுபடி எழுதுகிறது.

1:22 – 1:34
காட்சி: தொகுப்பாளர். திரையில் அந்தப் பெண்ணின் இரண்டு வரிகள் மட்டும் எழுத்தாக.
தொகுப்பாளர்: "ஃபைல் பேர் மேல பழி போட வழி இருந்துது, போடல. கத்துக்கிட்டேன்னு சொல்லல, இப்ப என்ன செய்றேன்னு சொன்னாங்க. உங்க வேலையில அந்தக் கையெழுத்து எது?"

மேடத்தின் அந்த இரண்டாவது கேள்வியை எழுத எனக்கு நாலு நாள் ஆனது. அதைத்தான் ஸ்கிரிப்ட்டின் அச்சாணி என்பேன். நிஜ நேர்காணலில் ஒரு நல்ல பதிலுக்குப் பின்னால் கட்டாயம் ஒரு கிளைக் கேள்வி வரும், பதில் மனப்பாடமா அனுபவமா என்று அங்கேதான் தெரியும். அறிவுரைக் கட்டுரைகள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தொடுவதே இல்லை. உங்கள் மாதிரிப் பதிலில் எந்த வாக்கியம் பலவீனமோ அதைக் குத்துகிற கேள்வியாக அது இருக்க வேண்டும். இங்கே பலவீனம், தவறை அவளே கண்டுபிடிக்கவில்லை என்பது.

இளைஞரின் ஏழு நொடியைக் கேலியாக எடுக்காதீர்கள். பார்க்கிறவரில் பாதிப் பேர் அந்த இளைஞர்தான்.

படம் பிடித்தால் ஒப்பிப்பது போல இருக்கிறது. நடிக்கத் தெரிந்தவர்கள் இல்லை.

முழுப் பதிலையும் தாளாகக் கொடுத்தால் பள்ளிப் பேச்சுப் போட்டி மாதிரிதான் வரும். நான் ஐந்து சொற்கள் மட்டும் எழுதிக் கொடுப்பேன்: பழைய சார்ட், 320, மேனேஜர், 'எம்', கையெழுத்து. பதிலை இரண்டு முறை கேட்கச் சொல்லிவிட்டு, அவர்கள் வாயிலேயே சொல்லச் சொல்வேன். நாலாவது டேக்கில் பெரும்பாலும் நன்றாக வந்துவிடும். ஏழாவதுக்கு மேல் போனால் மறுபடி ஒப்பித்தலுக்குத் திரும்பிவிடுகிறது, அன்றைக்கு விட்டுவிடுவதே நல்லது.

சொல் மாறினால் விடுங்கள். எண் மாறினால் மட்டும் நிறுத்துங்கள். ஒருமுறை 320 என்பது 3,020 ஆகி, எடிட்டிங் முடியும்வரை யாரும் கவனிக்கவில்லை.

சப்டைட்டில் பேச்சுத் தமிழிலா, எழுத்துத் தமிழிலா?

பேசியது எதுவோ அதுவே. வாய் "பண்ணிட்டேன்" என்னும்போது கீழே "செய்துவிட்டேன்" என்று ஓடினால் கண் இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். ஒரு திரைக்கு இரண்டு வரி, வரிக்கு மூன்று நான்கு சொல் போதும். தமிழ்ச் சொற்கள் அகலம், செங்குத்துத் திரையில் ஐந்தாவது சொல்லுக்கு இடமிருக்காது. தனி SRT கோப்பாகக் கொடுப்பதானால் வடிவம் இதுதான், UTF-8 ஆகச் சேமியுங்கள்:

```
7
00:00:22,400 --> 00:00:25,300
கட்டிங்குக்கு பழைய சார்ட்ட
ஃபார்வர்ட் பண்ணிட்டேன்.
```

வீடியோவிலேயே பதிப்பதானால் முதலில் "கொடுப்பேன்" என்று ஒரு சொல் தட்டிப் பாருங்கள். கொம்பும் காலும் எழுத்தோடு ஒட்டாமல் தனியாகப் போய் நின்றால் அந்த மென்பொருளோ எழுத்துருவோ தமிழுக்கு ஆகாது. முழுதும் அடித்த பிறகு கண்டுபிடித்தால் அழுகைதான் வரும். திரையின் அடியில் ஒட்டியும் வைக்காதீர்கள், தலைப்பும் பொத்தான்களும் மேலே ஏறி மறைத்துவிடும்.

கட்டுரை வேறொருவர் எழுதியது. அனுமதி வாங்க வேண்டுமா?

அவருடைய வாக்கியங்களையும், அவர் எழுதிய உதாரணத்தையும், குறிப்புகளை அவர் அடுக்கிய விதத்தையும் எடுத்தால் கேட்டுக்கொள்ளுங்கள். "பழி போடாதே" என்ற கருத்து யாருக்கும் சொந்தமில்லை. கருத்துக்குக் காப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன வடிவத்துக்குத்தான் உண்டு என்று 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பதிலை நீங்களே புதிதாக எழுதினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். கட்டுரை எங்கிருந்து கிடைத்தது என்று விவரப் பகுதியில் ஒரு வரி போடுவது சட்டத்துக்காக இல்லாவிட்டாலும் மரியாதைக்காக. அந்த ஒரு வரி அனுமதிக்கு ஈடாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பலர் அப்படி நினைத்துக்கொள்கிறார்கள்.

பார்க்கிறவர்கள் இந்தப் பதிலையே மனப்பாடம் செய்து போய்ச் சொல்லிவிட்டால்?

சொல்வார்கள். எங்கள் வீடியோ வந்து இரண்டு மாதம் கழித்து, ஆள் எடுக்கும் வேலையில் இருக்கும் நண்பர் போன் செய்தார். "ஒரு பையன் வந்து கட்டிங் மாஸ்டர் கதை சொன்னான். அதே 320. ஆனா அவன் விண்ணப்பிச்சது கணக்கு எழுதுற வேலைக்கு." நண்பர் "'எம்' நீளம் எவ்வளவுன்னு இருந்துது?" என்று கேட்டிருக்கிறார். பையன் முழித்தானாம்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் குற்ற உணர்வும் வந்தது. பதில் அவ்வளவு நன்றாக இருந்தால் எடுத்துக்கொள்ளத் தோன்றத்தானே செய்யும்? பழைய வீடியோவின் கடைசி வரி "இப்படிப் பதில் சொல்லுங்க" என்று முடிந்திருந்தது. அதை வெட்டிவிட்டு, மேலே நீங்கள் பார்த்த "உங்க வேலையில அந்தக் கையெழுத்து எது?" என்ற கேள்வியை வைத்தது அதற்குப் பிறகுதான். கூடவே விவரப் பகுதியில் நாலு கேள்விகளைப் பதில் இல்லாமல் போட்டோம்: தப்பை முதலில் பார்த்தது யார்? பார்த்ததும் எதை நிறுத்தினீர்கள்? எவ்வளவு நஷ்டம், எந்த அளவையில்? அடுத்த நாள் காலையில் எதை வேறு மாதிரிச் செய்தீர்கள்?

மூன்றாவது கேள்விக்கு "எந்த அளவையில்" என்று சேர்த்தது அந்த நண்பர். கணக்கு எழுதுகிறவருக்கு நஷ்டம் கிலோவில் வராது, ஒருவேளை பில்லில் ஒரு சுழியாக வரும், அல்லது ஜிஎஸ்டி தாக்கல் தள்ளிப்போன நாட்களாக வரும். அந்தப் பையனிடமும் அப்படி ஒன்று இருந்திருக்கும். யாரும் கேட்கவில்லை.